கல்வியில் ஏற்பட்ட இடைவெளி குறித்து: சமூகப்பணி இளமாணிப் பட்டப்படிப்புக்கான விண்ணப்பக் கட்டுரை

மதிப்புக்குரிய தெரிவுக் குழுவினருக்கு,

என் விண்ணப்பப் படிவத்தின் கல்வித் தகைமைப் பகுதியில் 2022ஆம் ஆண்டுக்குப் பின் எந்தப் பதிவும் இல்லை. 2021ஆம் ஆண்டுக்கான க.பொ.த உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில் நடைபெற்றபோது கலைப்பிரிவில் தோற்றி, தமிழில் ஏ சித்தியும் புவியியலிலும் அரசியல் விஞ்ஞானத்திலும் பி சித்தியும் பெற்றேன். பெறுபேறு வந்த பின் பல்கலைக்கழக அனுமதிக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. இதற்குக் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதிவிட்டு மேலே செல்ல முடியும்; மலையகத்திலிருந்து வரும் விண்ணப்பங்களில் அந்தச் சொற்களைத் தாங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். என் வரையில் அது பாதிக்குத்தான் பொருந்தும். இடைவெளியின் முற்பகுதி கட்டாயத்தால் வந்தது. பிற்பகுதியை நானே விரும்பி ஏற்றேன். இரண்டையும் ஒன்றாகக் கட்டி அனுதாபம் தேட எனக்கு மனமில்லை.

நாங்கள் தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தின் லயத்தில் வசிக்கிறோம். அம்மா கொழுந்து பறிக்கும் தொழிலாளி; அப்பா கொழும்பில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்தவர். 2022இன் முற்பகுதியில் சமையல் எரிவாயு கிடைக்காமல் அந்த உணவகம் மூடப்பட, அப்பா வீடு திரும்பினார். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதன் விளைவாக மலைகளில் கொழுந்து குறைந்திருந்த காலம் அது. நாட்சம்பளம் 1000 ரூபா என்று பேசப்பட்டாலும், கேட்ட கிலோ நிறையாவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். ஜூன் மாத மழையில் அம்மா சரிவில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. டீசல் இல்லாமல் பேருந்துகள் நின்றுபோயிருந்த நாட்களில், தோட்ட லொறி ஒன்று கிடைத்ததால்தான் அவரை நுவரெலியா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல முடிந்தது. வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. தம்பி அப்போது சாதாரணதரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தான். யார் படிப்பை நிறுத்துவது என்று வீட்டில் எவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போனேன். ஒவ்வோர் ஆண்டின் பெறுபேறும் அவ்வாண்டு அனுமதிக்கே உதவும் என்பதை அறிந்தேதான் அந்த வாய்ப்பை விட்டேன். அதைப் பற்றி வருந்தியதுண்டு. ஆனால் அதே நிலைமை மீண்டும் வந்தால் வேறு முடிவை எடுத்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன்.

2023இன் இறுதிக்குள் நிலைமை மாறியது. அப்பா மீண்டும் கொழும்புக்குப் போனார். அம்மாவுக்குத் தோட்டத்துக் குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக் காம்பராவில் உதவியாளராக வேலை கிடைத்தது. தம்பியும் சாதாரணதரத்தில் சித்தியடைந்தான். அப்போதே நான் படிப்புக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பாததற்குக் காரணம் எங்கள் வீட்டின் முன்திண்ணையான இஸ்தோப்பில் தொடங்கிய ஒரு வேலை.

அதே லயத்தில் வசிக்கும் ஒரு பெரியம்மா, ஊழியர் சேமலாப நிதியிலிருந்து தமக்குச் சேரவேண்டிய பணத்துக்காக வெகுகாலம் அலைந்துகொண்டிருந்தார். பெண்கள் 50 வயதில் அந்நிதியைக் கோரலாம். அவர் அந்த வயதை எப்போதோ கடந்துவிட்டார். ஒரு மாலை தம் கடதாசிகளையெல்லாம் பொலித்தீன் பையொன்றில் சுற்றிக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். தோட்டப் பதிவில் 'ராமாயி', அடையாள அட்டையில் 'ராமாய்', பிறப்புச் சான்றிதழில் 'ராமாயம்மா'. தகப்பன் பெயர் இரண்டிடத்தில் ஒன்றுபோல் இருந்தது, மூன்றாவதில் முதலெழுத்தே மாறியிருந்தது. "பாப்பா, இதுல எதும்மா நானு?" என்று அவர் கேட்டார். உழைத்த ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் 8 சதவீதத்தை விட்டுக்கொடுத்த ஒருவர், அந்தப் பணத்துக்கு உரியவர் தாமே என்று நிறுவ வேண்டிய நிலையை நான் அன்றுதான் நேரில் கண்டேன்.

மூன்று பெயரும் ஒருவருடையவையே என்று தோட்ட நிர்வாகத்திடம் ஒரு கடிதம், சமாதான நீதவானின் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். பணம் கிடைத்தது. அதன்பின் எங்கள் டிவிசனிலிருந்து மட்டுமன்றி அடுத்த டிவிசனிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்: சேமலாப நிதி, அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கான மேன்முறையீடு, பிறப்புப் பதிவே இல்லாத பிள்ளைக்குப் பாடசாலை அனுமதி. தலைமுறைகளாகப் பிரசாவுரிமை மறுக்கப்பட்டு, 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின்னரே முழுமையாகக் குடியுரிமை பெற்ற சமூகம் எங்களுடையது. ஒரு கடதாசியில் ஓர் எழுத்து மாறினாலும் எங்கள் முதியவர்கள் கலங்குவது ஏன் என்பதைப் பாடப்புத்தகத்தைவிட அந்த இஸ்தோப்பில்தான் நான் விளங்கிக்கொண்டேன். அலுவலகங்களிலிருந்து வரும் கடிதங்கள் பெரும்பாலும் சிங்களத்தில் இருந்ததால், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் சிங்களம் வாசிக்கவும் எழுதவும் கற்றேன். 2024 முழுவதும் இப்படியே கழிந்தது. என்னை யாரும் நியமிக்கவில்லை. பயணச் செலவுக்குமேல் எவரிடமும் நான் எதுவும் வாங்கியதில்லை.

சமூகப்பணியை முறையாகக் கற்க வேண்டும் என்ற எண்ணம் வெற்றிபெற்ற கோரிக்கைகளால் வந்ததன்று. கணவரை இழந்த ஓர் அக்கா, கணவருடைய சேமலாப நிதிக்காக என்னிடம் வந்தார். படிவத்தை நிரப்புவது எளிதாகவே இருந்தது. ஆனால் அந்தப் பணத்தின்மேல் கணவரின் சகோதரர்களுக்கு உரிமை உண்டா, அவர்கள் மிரட்டினால் எங்கே முறையிடுவது, வீட்டில் அடிபடும் மூத்த மகனைப் பற்றி யாரிடம் சொல்வது என்று அவர் அடுத்தடுத்துக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதைவிட முக்கியமாக, அந்தக் கேள்விகளை அவர் எல்லோருக்கும் கேட்கும்படியாக இஸ்தோப்பில் கேட்டிருக்க முடியாது. உள்ளறையில் கதவைச் சாத்திய பிறகுதான் அவர் பேசவே தொடங்கினார். அன்றிலிருந்து எவரையும் தனியாக அமரவைத்தே விசாரிக்கிறேன். ஒருவரின் துயரத்தைக் கேட்பதற்கும் அதைக் காப்பதற்கும் முறையும் பொறுப்பும் உண்டு. சட்டம் எங்கே தொடங்குகிறது, நன்னடத்தை உத்தியோகத்தரின் கடமை எது, ஆலோசகரிடம் அனுப்பவேண்டிய கட்டம் எது என்பதற்கு வரையறைகள் உண்டு. இவற்றை நல்லெண்ணத்தால் மட்டும் ஊகித்துச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஊகம் பிழைத்தால் அதன் விலையைக் கொடுப்பவர் நானல்லர், என்னை நம்பி வந்தவரே.

இத்தனை காலம் வகுப்பறைக்கு வெளியே இருந்தவரால் பட்டப்படிப்பின் சுமையைத் தாங்க முடியுமா என்று தாங்கள் ஐயுறுவது நியாயமானது. நீண்ட ஆங்கிலக் கட்டுரைகளை வாசிப்பதில் என் வேகம் குறைவு. முதலாம் ஆண்டில் அதற்கு மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்கவேண்டியிருக்கும். மேன்முறையீடு எழுதிப் பழகியதால், நடந்ததை நடந்தபடி, ஆதாரத்தோடு, சுருக்கமாக எழுதும் பயிற்சி மட்டும் விடுபடவில்லை.

வீட்டு நிலைமையைப் பொறுத்தவரை, அப்பாவின் வருமானமும் அம்மாவின் சம்பளமும் இப்போது தடையின்றி வருகின்றன. உயர்தரம் படிக்கும் தம்பியின் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டே இந்த விண்ணப்பத்துக்கு மூவரும் சம்மதித்தார்கள். கடிதங்கள் எழுதும் வேலையை அதே லயத்தின் இரு தங்கைமாருக்குப் பழக்கியிருக்கிறேன். விடுமுறையில் வரும்போது சிக்கலானவற்றை மட்டும் பார்த்துக்கொடுப்பதாக ஏற்பாடு. அனுமதி கிடைத்தால் முதல் தவணையின் முதல் நாளிலிருந்தே என்னால் சமுகமளிக்க முடியும். நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்பட்டால், நான் கையாண்ட கோரிக்கைகளின் குறிப்பேட்டை, உரியவர்களின் பெயர்களை நீக்கி, தங்கள் பார்வைக்குக் கொண்டுவருவேன்.