தம்பிக்கு, மேசைக்கு மேலே ஒட்டிவைக்க

வெள்ளவத்தை வீட்டில் நீ லப்டொப்பை மூடிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாய் என்று அம்மா சொன்னா. பைதன் படிக்கும் எல்லாருக்கும் இப்படிச் சில கிழமைகள் வரும். அந்த நாட்களுக்காக இவற்றை எழுதுகிறேன்.

எரர் வந்தால் கடைசி வரியை முதலில் வாசி. என்ன பிழை என்று அங்கே இருக்கும். எந்த வரியில் என்று அதற்கு மேலே இருக்கும். அந்த வரி சரியாகத் தெரிந்தால் ஒரு வரி மேலே போ. மூடாத அடைப்புக்குறி அங்கே இருக்கலாம்.

நீ நினைத்ததைக் கணினி அறியாது, எழுதியதை மட்டும் அறியும்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். மாற்றினால் ஓட்டிப் பார்.

எண் என்று நம்பாதே, பார்த்து உறுதிசெய். இரண்டு பஸ் கட்டணங்களைக் கூட்ட இப்படி எழுதுவாய்:

```python
a = input()
b = input()
print(a + b)
```

50, 70 என்று கொடுத்தால் 120 வராது, 5070 வரும். `input()` தருவது எப்போதும் எழுத்துச்சரம். அவற்றை அது ஒட்டிவிட்டது. இரண்டையும் `int(input())` என்று மாற்றினால் கூட்டும். இந்த ஒன்றிலேயே ஒரு பின்னேரம் போகும், போனால் பரவாயில்லை. சந்தேகம் வரும் இடமெல்லாம் `print(type(a))` போடு. வெட்கப்படாதே, வேலை செய்பவர்களும் போடுகிறார்கள்.

`range(5)` பூச்சியத்தில் தொடங்கி 4-இல் நிற்கும். ஐந்தைத் தேடி அலையாதே.

கண்டுபிடித்த பிழையை எழுதிவை. 1947 செப்டெம்பர் 9 அன்று ஹார்வர்ட் மார்க் 2 கணினியின் ரிலேக்குள் ஒரு அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அங்கிருந்தவர்கள் அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, நேரத்தையும் குறித்தார்கள். உனக்கு ஒரு சிஆர் கொப்பி போதும்: என்ன எரர், எதனால், எப்படிப் போனது. அடுத்த மாதம் அதே எரர் வரும்போது கொப்பியைத் திற.

விளங்காத புரோகிராமை அம்மாவுக்கு வரி வரியாகச் சொல். அவவுக்கு விளங்கத் தேவையில்லை. எந்த வரியில் உனக்குச் சொல்ல வராமல் போகிறதோ, அங்கேதான் தேட வேண்டும்.

கூடப் படிப்பவன் எந்தப் பாடத்தில் நிற்கிறான் என்று கேட்காதே. அவன் உன் பிழைகளைப் படிக்கவில்லை.

அரை மணித்தியாலம் ஒரே வரியை முறைத்துக்கொண்டிருந்தால் எழும்பு. மரீன் டிரைவ் பக்கம் நட, ஒரு பிளேன்டீ குடி. அப்புறம் வந்து பார்.

அப்படியும் சரிவராவிட்டால் எனக்கு அனுப்பு. போனில் எடுத்த படம் வேண்டாம். எரரை முழுதாகப் பிரதியெடுத்து ஒட்டு. என்ன வரும் என்று நினைத்தாய், என்ன வந்தது என்று இரண்டு வரி எழுது. இரவு பத்துக்குப் பிறகும் அனுப்பலாம், நான் முழித்திருப்பேன்.

அக்கா