மஞ்சக்குப்பம் வடிகால் வரைபடம்: ஒரே ஒரு இடத்தில் உங்கள் கண் வேண்டும்

சரண்யா, வணக்கம்.

லாஸ்பேட்டை அலுவலகத்தில் க்யூஜிஐஎஸ் தினமும் ஓட்டுவது நீங்கள்தான் என்று இன்ஜினியர் சார் சொன்னார். இந்த வேலையில் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். நேரம் கிடைக்கும்போது ஒரு 15 நிமிடம் வேண்டும். விவரத்தை இப்போதே எழுதிவிடுகிறேன், போனில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

தானே புயலுக்கு முந்தின வருடத்திலிருந்து ஆட்டோகேடில்தான் இருக்கிறேன். லெவல், செக்‌ஷன் எல்லாம் கை பழகியவை. க்யூஜிஐஎஸ் தொட்டு இன்றோடு ஒன்பது நாள்.

கெடிலம் பக்கத்து வடிகால்களில் பையன்கள் ஜிபிஎஸ் வைத்து 214 புள்ளி எடுத்துக் கொடுத்தார்கள், சிறுபாலமும் மேன்ஹோலுமாக. கோப்பு இப்படி இருக்கிறது:

```
id,lat,lon,type
MK014,11.7512,79.7648,culvert
MK015,11.7519,79.7655,manhole
```

`Add Delimited Text Layer` வழியாக ஏற்றினேன். முதல் தடவை புள்ளிகளையே காணோம். `Zoom to Layer` போட்டால் நார்வேக்கும் வடக்கே, ஸ்வால்பார்ட் தீவு ஓரத்தில் கடலில் கிடக்கின்றன! X இடத்தில் lat கொடுத்திருந்தேன். மாற்றிப் போட்டதும் மஞ்சக்குப்பத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. பின்னால் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வைத்துத் தெருத்தெருவாகச் சரிபார்த்தேன். அது முடிந்தது.

சிக்கல் இதற்கு அப்புறம். ஒவ்வொரு சிறுபாலத்தைச் சுற்றியும் 50 மீட்டருக்குள் எத்தனை வீடு என்று கேட்டிருக்கிறார்கள். `Buffer` போய் 50 என்று கொடுத்தேன். பக்கத்தில் `degrees` என்று இருந்ததை ஓட்டிய பிறகுதான் கவனித்தேன். வந்த வட்டம் சூடானிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை போகிறது. லேயர் EPSG:4326-இல் இருப்பதால் 50-ஐ டிகிரியாக எடுத்துக்கொண்டது என்பது புரிந்தது. நமக்கு மீட்டர் வேண்டும் என்றால் யூடிஎம் 44 வடக்கு, அதாவது EPSG:32644. அதுவும் சரி.

அதனால் லேயரை ரைட் கிளிக் செய்து `Set Layer CRS`-இல் 32644 கொடுத்தேன். 214 புள்ளியும் கன்னியாகுமரிக்கு வெகு தெற்கே, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கடலில் போய் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன.

எனக்குக் குழப்பம் இதுதான். டோட்டல் ஸ்டேஷன் அளவை வைத்து ஆட்டோகேடில் நான் வரைந்த வடிகால் கோடுகளை டிஎக்ஸ்எஃப்பாக இதே ப்ராஜெக்டில் சேர்த்திருக்கிறேன். அதற்கும் இதே பொத்தானில் இதே 32644-தான் கொடுத்தேன். அது கச்சிதமாகத் தெருவின்மேல் வந்து விழுகிறது! ஒரே பொத்தான், ஒன்றுக்குச் சரி, இன்னொன்றுக்குத் தப்பு.

என் ஊகத்தைச் சொல்கிறேன். டிஎக்ஸ்எஃப்பில் எண்களே 3,66,000, 12,99,000 என்று மீட்டரில்தான் இருக்கின்றன. ஜிபிஎஸ் கோப்பில் 79, 11 என்று டிகிரி. அந்தப் பொத்தான் எண்களைத் தொடாமல் பெயரை மட்டும் மாற்றுகிறது போல. அளவுப் புத்தகத்தில் 'அடி' என்பதை அடித்துவிட்டு 'மீட்டர்' என்று எழுதிவைத்த கதை. அப்படியானால் புள்ளிகளைத் திரும்ப 4326-க்கே வைத்துவிட்டு, எண்களையே மாற்றிப் புதுக் கோப்பாக எடுக்க வேண்டும். அதற்கு `Export` > `Save Features As`-இல் CRS மாற்றினால் போதுமா, `Reproject Layer` தான் சரியா, இரண்டும் ஒன்றுதானா? இதை மட்டும் சொல்லுங்கள். வீடுகளை எண்ணுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நானே இரண்டையும் போட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் இந்த வரைபடத்தை வைத்துத்தான் மழைக்கு முன்னால் எங்கே தூர்வாருவது என்று முடிவாகும். குருட்டாம்போக்கில் சரியாக வந்ததை நம்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

ப்ராஜெக்ட் கோப்பையும் சிஎஸ்வியையும் பொது ஃபோல்டரில் `manjakuppam_drain` என்ற பெயரில் வைத்திருக்கிறேன். நாளை 3 மணிக்கு மேல் உங்களுக்கு ஒத்துவந்தால் ஸ்க்ரீன் ஷேர் போடுகிறேன், மவுஸ் என் கையிலேயே இருக்கட்டும். முடியாவிட்டால் வியாழக்கிழமை காலையில் பஸ் ஏறி நானே அங்கே வந்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் சாரிடம் கொடுக்க வேண்டும்.

போன வாரம் அரியாங்குப்பம் டிராயிங்கில் லேயர் பெயரெல்லாம் குழம்பிக் கிடக்கிறது என்று சொன்னீர்களே, அதை எனக்கு அனுப்பிவையுங்கள். அரை மணி நேர வேலை, ஒழுங்குபடுத்தித் தந்துவிடுகிறேன்.

குமரவேல்
கடலூர் அலுவலகம்