புறத்தேர்வாளர் அறிக்கை: இருமொழிச் சிறுவர்களின் தூக்கமும் புதுச்சொல் நினைவும்

ஆய்வேட்டை முழுதாகப் படித்தேன். சிறு திருத்தங்களுடன் முனைவர் பட்டம் வழங்கலாம் என்பது என் பரிந்துரை.

தூங்கினால் நினைவு நிலைக்கும் என்பது பழைய செய்தி. ஆனால் ஒரே சிறுவன் இரண்டு மொழிகளில் கற்ற சொற்களில், தூக்கத்துக்குப் பின் எந்த மொழிச் சொல் அதிகம் தங்குகிறது என்று கேட்டதுதான் இங்கே புதுசு. மூன்றாம் இயல் அதை அழகாக நிறுவுகிறது. இரண்டாம் இயலின் இலக்கிய மீளாய்வு, சரி, கொஞ்சம் நீளம்.

முறையியலில்தான் எனக்குச் சிக்கல். ஒரே தரவில் 8 தனித்தனிச் சோதனைகளைச் செய்துவிட்டு, ஒவ்வொன்றையும் 0.05 அளவில் முடிவு செய்திருக்கிறார். சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், உண்மையில் எந்த விளைவும் இல்லாதபோதும் ஒன்றாவது தற்செயலாகத் தேறும் வாய்ப்பு சுமார் 34 விழுக்காடு. போன்ஃபெரோனி திருத்தப்படி வரம்பு 0.00625. அதில் இரண்டு முடிவுகள் மட்டுமே நிற்கின்றன. முக்கியமான முடிவு அந்த இரண்டில் ஒன்று என்பதால் ஆய்வேடு தப்பிக்கிறது! அப்புறம், தூக்க நேரத்தைப் பெற்றோர் எழுதிய குறிப்பேட்டிலிருந்து எடுத்திருக்கிறார், பிள்ளை படுத்த நேரமும் தூங்கிய நேரமும் ஒன்றல்ல என்பதை வரம்புகள் பகுதியில் வெளிப்படையாக எழுத வேண்டும்.

பங்களிப்பு உண்மையானது, ஆனால் முடிவுரை சொல்லும் அளவுக்குப் பெரிதல்ல. "கற்பித்தலை மாற்றியமைக்கும்" என்ற வரியை நீக்கவும். வாய்மொழித் தேர்வில் நான் கேட்கப்போவது ஒன்றுதான்: விளைவு தூக்கத்தாலா, இடையில் கடந்த நேரத்தாலா?