குறுந்தொகை 40: மாதிரி விடையும் திருத்துநர் விளக்கமும்

சுங்கை சிப்புட், படிவம் 5 மாலை வகுப்பு

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.

கேள்வி: உவமையின் சிறப்பை விளக்குக. (10 புள்ளி)

விடை: பிரிவானோ என்று அஞ்சும் தலைவியைத் தலைவன் தேற்றுகிறான். தாயர், தந்தையர், தாங்கள் இருவர் என மூன்று கேள்விகளில் முன்னுறவு இல்லை என்கிறான். மழைநீருக்குத் தனி நிறமில்லை. செம்மண்ணில் விழுந்ததும் அதன் நிறமாகிவிடுகிறது. பிறகு பிரித்தெடுக்க முடியாது. நெஞ்சங்களும் அப்படியே கலந்தன. ‘தாம்’ என்ற சொல், யாரும் சேர்த்து வைக்காமல் தாமாகவே கலந்ததைக் காட்டுகிறது.

ஏன் 9 புள்ளி? பலர் ‘நீரும் மண்ணும் கலப்பது போல’ என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். அதற்கு 4 கூடத் தாராளம். இந்த மாணவி நிறம் மாறுவதையும் பிரிக்க முடியாததையும் பிடித்திருக்கிறாள். பால்மரக் காட்டுச் செம்மண் பாதையில் மழைக்குப் பின் பள்ளிக் காலணியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ‘தாம்’ என்ற சிறு சொல்லை அவள் விடாததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சரி, ஒரு புள்ளி ஏன் போனது? குறிஞ்சித் திணை என்று எழுதவில்லை.