(3n² − n + 4)/(2n² − 7) என்ற தொடர்முறையின் எல்லை 3/2: ε–N நிறுவல்

கணக்கு: aₙ = (3n² − n + 4)/(2n² − 7), n = 1, 2, 3, … எனில், aₙ → 3/2 என்பதை வரையறையிலிருந்து நிறுவுக.

"வரையறையிலிருந்து" என்று கேட்டுவிட்டால், மேலும் கீழும் n²-ஆல் வகுத்து, 1/n எல்லாம் பூஜ்யத்துக்குப் போய்விடும் என்று இரண்டே வரியில் முடிக்க முடியாது. எல்லை 3/2 என்று கண்டுபிடிக்க அந்த வழி போதும். நிறுவ வேண்டியது வேறு: ε > 0 எதைக் கொடுத்தாலும், அதற்கேற்ற இயல் எண் N ஒன்று உண்டு, n ≥ N ஆக உள்ள ஒவ்வொரு n-க்கும் |aₙ − 3/2| < ε. "ஒவ்வொரு" என்ற சொல்லை மறக்க வேண்டாம், கொஞ்ச நேரத்தில் அது தேவைப்படும்.

முதலில், பகுதி எங்கேயாவது பூஜ்யமாகிறதா? 2n² இரட்டைப்படை, 7 ஒற்றைப்படை. ஆகவே 2n² − 7 ஒருபோதும் 0 ஆகாது. எல்லா உறுப்புகளும் இருக்கின்றன. (a₁ = −6/5, a₂ = 14 என்று ஆரம்பம் தாறுமாறாக இருக்கிறது. இருக்கட்டும், எல்லைக்கு ஆரம்பம் முக்கியமில்லை.)

கரட்டு வேலை

வித்தியாசத்தைச் சுருக்குவோம்:

aₙ − 3/2 = [2(3n² − n + 4) − 3(2n² − 7)] / [2(2n² − 7)] = (29 − 2n) / [2(2n² − 7)]

6n² இரண்டும் அடிபட்டுவிட்டன. அடிபடாவிட்டால் எல்லையையே தப்பாக எடுத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

இனி இதன் மட்டு மதிப்பு ε-ஐ விடச் சிறியதாக வேண்டும். அதற்காக இருபடி அசமன்பாட்டைத் தீர்க்க உட்கார வேண்டாம். தொகுதியைப் பெரிதாக்கு, பகுதியைச் சிறிதாக்கு, பின்னம் பெரிதாகும். அந்தப் பெரிய பின்னமே ε-ஐத் தாண்டவில்லை என்றால் நம்முடையதும் தாண்டாது.

தொகுதி: n ≥ 15 எனில் 29 − 2n குறை எண். எனவே |29 − 2n| = 2n − 29 < 2n.

பகுதி: இங்கேதான் பலர் சறுக்குவார்கள். 7-ஐத் தூக்கிவிட்டு 2n² − 7-க்குப் பதில் 2n² என்று எழுதினால் பகுதி பெரிதாகிவிடும், அசமன்பாடு தலைகீழாகிவிடும். சரியான வழி, ஒரு n²-ஐ விட்டுக்கொடுப்பது: 2n² − 7 = n² + (n² − 7) ≥ n². இதற்கு n² ≥ 7, அதாவது n ≥ 3 இருந்தால் போதும்.

இரண்டையும் சேர்த்தால், n ≥ 15 எனில் |aₙ − 3/2| < 2n/(2n²) = 1/n.

இப்போது அந்த "ஒவ்வொரு". ε = 0.005 என்று வைத்து மதிப்புகளைப் போட்டுப் பாருங்கள். n = 15-இல் வித்தியாசம் 1/886, சுமார் 0.0011. அப்பாடா, உள்ளே வந்துவிட்டது, N = 15 என்று எழுதத் தோன்றும். ஆனால் n = 30-இல் அது 31/3586, சுமார் 0.0086. மறுபடி வெளியே போய்விட்டது! 14-க்கும் 15-க்கும் நடுவே தொடர்முறை 3/2-ஐத் தாண்டிக் கீழே இறங்குகிறது, சற்று விலகுகிறது, அப்புறம்தான் மெல்லத் திரும்பி வருகிறது. ஒரு உறுப்பைச் சோதித்து N சொல்வது ஏன் செல்லாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

நிறுவல்

ε > 0 என்க. N ≥ 15, N ≥ 1/ε ஆகிய இரண்டும் பொருந்தும்படி ஓர் இயல் எண் N-ஐத் தேர்ந்தெடுப்போம். ஆர்க்கிமிடிஸ் பண்பின்படி அப்படி ஒன்று உண்டு. n ≥ N என்க.

n ≥ 15 என்பதால் 0 < 2n − 29 < 2n. மேலும் n² ≥ 7 என்பதால் 2n² − 7 ≥ n² > 0. ஆகவே

|aₙ − 3/2| = (2n − 29)/[2(2n² − 7)] < 2n/(2n²) = 1/n ≤ 1/N ≤ ε.

ε எந்த மிகை எண்ணாகவும் இருக்கலாம் என்பதால், aₙ → 3/2. ∎

கரட்டு வேலை ε-இலிருந்து N-ஐத் தேடிப் போகிறது, நிறுவல் N-இலிருந்து ε-க்கு வருகிறது. விடைத்தாளில் இரண்டாவதை மட்டும் எழுதினாலும் முழு மதிப்பெண் உண்டு.

ε = 0.005-க்கு நம் N = 200. உண்மையில் n = 83-இலிருந்தே எல்லா உறுப்புகளும் உள்ளேதான் இருக்கின்றன: 82-இல் வித்தியாசம் 135/26882, இன்னும் 0.005-ஐ ஒரு மயிரிழை தாண்டி நிற்கிறது. 83-இல் 137/27542, உள்ளே வந்துவிட்டது. அந்த 83-ஐத் தேடி மெனக்கெட வேண்டியதில்லை. வரையறை ஏதாவது ஒரு N-ஐத்தான் கேட்கிறது, மிகச் சிறியதைக் கேட்கவில்லை.