பாதிப் படிப்பில் 2,300 பவுண்டு கூடுதல்

வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம். இரண்டாம் ஆண்டுக்குப் போகும் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆகஸ்ட் கடைசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது: 15,500 பவுண்டாக இருந்த கட்டணம் இனி 17,800. கட்ட மூன்று வாரம்தான் அவகாசம்.

"அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் கடன் வாங்கினார், இப்போது எந்த முகத்தோடு இன்னும் இரண்டரை லட்சம் கேட்பது?" என்கிறார் திருச்சி மாணவி ஒருவர். கிடங்கில் வேலை பார்க்கும் நைஜீரிய மாணவர் கைபேசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய விசா விடாது, வரும் பணம் வாடகைக்கே சரியாகிவிடுகிறது.

நடைமுறைச் செலவு ஏறிவிட்டது, ஆண்டுதோறும் கட்டணம் மாறலாம் எனச் சேர்க்கைக் கடிதத்திலேயே இருக்கிறது என்கிறது பல்கலைக்கழக அறிக்கை. இருக்கிறதுதான், நான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில். எவ்வளவு மாறலாம் என்று மட்டும் இல்லை. இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவர்களின் இளநிலைக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு உண்டு, வெளிநாட்டவருக்குக் கிடையாது.

தவணையாகக் கட்டலாமா என்று கேட்டதற்கு, "தனித்தனியாகப் பரிசீலிப்போம்" என்பதோடு பதில் முடிந்தது. அவகாசம் முடிய இன்னும் ஒன்பது நாள்.