ஆப் தள்ளிப்போனது பற்றியும் புதிய தேதிகள் பற்றியும்

அண்ணாச்சி, வணக்கம்.

செப்டம்பர் 25-க்குள் ஆர்டர் ஆப்பைக் கொடுத்துவிடுகிறோம் என்று சொல்லியிருந்தோம். நேற்றோடு அந்தத் தேதி போய்விட்டது, ஆப் இன்னும் தயாராகவில்லை. தவறு முழுக்க எங்களுடையது. இதை நீங்கள் கேட்கும் முன்பே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடத்தில் சறுக்கினோம். வியாழன் இரவு உங்கள் கடையில் நின்று அரை கிலோ அல்வாவுக்கு ஆர்டர் போட்டுப் பார்த்தோம். வங்கியிலிருந்து பணம் போய்விட்டது, ஆப்போ ‘பணம் வரவில்லை’ என்றது, கல்லாவில் பில்லும் அடிக்கவில்லை. யுபிஐ ஆப்புக்குப் போய்த் திரும்புவதற்குள், மெமரி குறைந்த போன்களில் நம் ஆப் தானாக மூடிக்கொள்கிறது. அதனால் பணம் வந்த தகவல் நம்மிடம் சேரவே இல்லை. தீபாவளிக் கூட்டத்தில் இப்படி நடந்தால் வாடிக்கையாளர் கடை வாசலில் வந்து நிற்பார், பதில் சொல்ல வேண்டியது நீங்கள். அதனால்தான் அப்படியே கொடுக்க மனம் வரவில்லை. இனி அந்தத் தகவல் போனை நம்பியிருக்காது, பேமெண்ட் கேட்வேயிலிருந்து நேராக நம் சர்வருக்கு வரும்படி மாற்றுகிறோம்.

அடுத்தது ப்ளே ஸ்டோர். டெவலப்பர் கணக்கை உங்கள் சொந்தப் பெயரில் புதிதாகத் திறந்தோம் அல்லவா, அப்படிப்பட்ட கணக்குகளுக்கு 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்தால்தான் ஆப்பை வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். இதைத் திட்டம் போடும்போதே கணக்கில் சேர்க்காமல் விட்டோம்.

சரி, இனி நடக்கப்போவது இது. செப்டம்பர் 28 திங்கள் அன்று சோதனை தொடங்கும். அக்டோபர் 12 அன்று விண்ணப்பிப்போம். பரிசீலனைக்கு ஒரு வாரம் வைத்தால், 21 புதன்கிழமை ஆப் மக்கள் கைக்கு வந்துவிடும். நவம்பர் 8 தீபாவளிக்கு அப்போது 18 நாள் இருக்கும்.

ஆனால் முன்பதிவு அதுவரை காத்திருக்காது என்று எங்களுக்கும் தெரியும். அதனால் அக்டோபர் 5 முதல் அதே ஆர்டர் வசதியை இணையப் பக்கமாகத் திறந்துவிடுகிறோம். லிங்க்கை வாட்ஸப்பில் அனுப்பினால் போதும், கல்லாவில் க்யூஆர் ஒட்டியும் வைக்கலாம். ஸ்டோர் அனுமதி ஓரிரு நாள் பிந்தினாலும் வியாபாரம் நிற்காது. ஐபோன் ஆப்பை மட்டும் தீபாவளிக்குப் பிறகு வைத்துக்கொள்வோம். அதையும் இப்போதே இழுத்துப் போட்டால் இரண்டும் அரைகுறையாகும்.

கடைசித் தவணை 40,000 ரூபாயை ஆப் வெளிவந்த பிறகு கொடுத்தால் போதும், அதிலும் 10,000 குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஒரு உதவி. சோதனைக்கு எங்கள் ஆட்கள் ஐந்து பேர் இருக்கிறோம். கடையில் ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் ஏழு பேரின் ஜிமெயில் முகவரி நாளை மாலைக்குள் வேண்டும். 14 நாளும் யாரும் நடுவில் விலகக் கூடாது, அதனால் லீவில் ஊருக்குப் போனாலும் ஆப்பை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். திங்கள் காலை பத்து மணிக்கு நானே கடைக்கு வந்து அவர்கள் போனில் போட்டுக் கொடுக்கிறேன். அந்த நேரம் தோதுப்படாவிட்டால் ஒரு போன் போடுங்கள், அண்ணாச்சி.